ஸ்கேனில் கருப்பை உள்படலம் தடித்திருந்தால்: பைப்பெல் பயாப்ஸியா, ஹிஸ்டரோஸ்கோப்பியா?

மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆன 57 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் லேசான ரத்தக்கசிவு, பிறகு தானாக நின்றுவிட்டது. யோனி வழியாகச் செய்த ஸ்கேனில் கருப்பையின் உள்படலம் 11 மி.மீ. என்று வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண்ணுக்கு இது 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தாண்டினால் திசுவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் 11 என்ற எண் காரணத்தைச் சொல்லாது. படலம் முழுவதும் மிகையாக வளர்ந்திருக்கலாம், ஓரிடத்தில் பாலிப் என்ற சதை வளர்ச்சி தொங்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குப் படலத்தில் நோய் இல்லாமலேயே ஸ்கேனில் தடிப்பாகத் தெரிவதும் உண்டு.

பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது பைப்பெல் பயாப்ஸி. ஏறக்குறைய 3 மி.மீ. பருமனுள்ள வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் அது. கருப்பை வாய் வழியாக உள்ளே நுழைத்து, நடுவில் உள்ள தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சு விசை உண்டாகும். குழாயைச் சுழற்றியபடி முன்னும் பின்னும் நகர்த்த, திசுத் துணுக்குகள் உள்ளே வந்து சேரும். மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மாதவிடாய் வலி போன்ற இழுப்பு இருக்கும், சிலருக்கு அது கடுமையாகவே இருக்கும்.

பைப்பெல்லில் கண்ணால் பார்ப்பது எதுவும் கிடையாது. குழாய் தொட்ட இடத்துத் திசு மட்டும்தான் வருகிறது, அது படலத்தின் ஒரு சிறு பங்குதான். நோய் படலம் முழுக்கப் பரவியிருந்தால் எங்கே தொட்டாலும் மாட்டிவிடும், அதனால்தான் பரவலான புற்றுநோயை இது மிக நன்றாகக் கண்டுபிடிக்கிறது. பாலிப்போ காம்பில் ஆடிக்கொண்டு குழாய்க்கு வழிவிட்டுவிடும். மூலையில் ஒளிந்த சிறு புற்றும் அப்படியே தப்பலாம்.

நம் உதாரணப் பெண்ணுக்கு இதுதான் நடக்கிறது. பைப்பெல் ரிப்போர்ட்டில் "மெலிந்த படலத்தின் சில துணுக்குகள், புற்று அணுக்கள் இல்லை" என்று வருகிறது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்று 11 மி.மீ. தடிப்பு என்கிறது, மற்றது மெலிந்த படலம் என்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. தடித்த பகுதியைக் குழாய் தொடவே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டும். "போதிய திசு இல்லை" என்ற ரிப்போர்ட்டும் அப்படித்தான், தடிப்பு இருக்கும்போது அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கசிவு வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, அடுத்தது ஹிஸ்டரோஸ்கோப்பிதான்.

அதில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உப்புநீரால் கருப்பையை விரிக்கிறார்கள். திரையில் நான்கு சுவரும், இரு கருக்குழாய் வாய்களும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு மேல் பகுதியில் ஒரு பாலிப், சுற்றியுள்ள படலம் வெளிறி மெலிந்து கிடக்கிறது. பைப்பெல் பொய் சொல்லவில்லை, அது பார்த்தது அந்த மெலிந்த பகுதியை. பாலிப்பை அங்கேயே அடியோடு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அனுப்பத்தான் வேண்டும், ஏனென்றால் கேமராவில் சாதுவாகத் தெரிவதால் மட்டும் புற்றில்லை என்று முடிவு கட்ட முடியாது.

இதற்கும் குறைகள் உண்டு. ரத்தம் அதிகமாகப் போகும்போது திரை மங்கிவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கருப்பை வாய் இறுகியிருந்தால் நுழைப்பதே சிரமம், அப்போது மரத்துப்போகும் ஊசியோ மயக்க மருந்தோ தேவைப்படும். கருப்பைச் சுவரில் துளை விழுவது அபூர்வம், ஆனாலும் நடக்கக்கூடியது.

என் கணிப்பு இதுதான்: ஸ்கேனில் படலம் ஒரே சீராகத் தடித்திருந்தால் பைப்பெல் போதும், அதில் தொடங்குவதே நல்லது. ஓரிடம் மட்டும் புடைத்திருந்தால், அல்லது அதற்குள் ஒற்றை ரத்தக்குழாய் ஓடுவது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தால், நேராக ஹிஸ்டரோஸ்கோப்பிக்குப் போகலாம். எப்படித் தடித்திருக்கிறது என்றே புரியாவிட்டால், உப்புநீர் செலுத்திச் செய்யும் ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மாதவிடாய் இன்னும் வருபவர்களுக்கு இந்த 4 மி.மீ. கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் படலம் மாதாமாதம் வளர்ந்து உதிர்வது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் 16 மி.மீ. வரை போனாலும் இயல்புதான். அதனால் ஸ்கேனோ ஹிஸ்டரோஸ்கோப்பியோ, மாதவிடாய் முடிந்த கையோடு, படலம் மெலிதாக இருக்கும் நாட்களில் செய்தால் பாலிப் தெளிவாகத் தெரியும்.