திருத்தச் செலவை வாடகையில் கழிக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தொடர்மாடி வீட்டில், குளியலறைச் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கசியத் தொடங்கியது. ஈரம் பரவி மின்சாரப் பெட்டியை எட்டியதும், சுவரில் கை வைக்கவே பயந்தோம். ட்ரிப் சுவிட்ச் இரவிலும் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் பலமுறை தொலைபேசியில் சொன்னோம், படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பார்த்ததற்கான நீலக் குறிகள் வந்தனவே தவிர, பதில் வரவில்லை.

நம் நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாக இருக்கும் உரோம டச்சுச் சட்டப்படி, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. அறிவித்தும் அவர் செய்யாவிட்டால், அவசியமான திருத்தத்தை வாடகைக்காரர் செய்து, நியாயமான செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் இது அவசியமான திருத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். அழகுக்காக ஓடு மாற்றிவிட்டு அதன் பணத்தைக் கழிக்க முடியாது. ஒப்பந்தத்தில் சிறு திருத்தங்கள் வாடகைக்காரரின் பொறுப்பு என்றோ, வாடகையில் எதையும் கழிக்கக்கூடாது என்றோ எழுதப்பட்டிருந்தால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

நாங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவித்தலில், எந்த இடத்தில் கசிகிறது, அதனால் என்ன ஆபத்து, முன்பு எப்போதெல்லாம் சொன்னோம் என்பவற்றைத் திகதிகளோடு எழுதினோம். பிளம்பர் எழுதித் தந்த மதிப்பீட்டை இணைத்து, குறித்த நாளுக்குள் நீங்கள் ஆள் அனுப்பாவிட்டால் நாங்களே திருத்தி, செலவை அடுத்த மாத வாடகையில் கழிப்போம் என்றும் தெளிவாகச் சொன்னோம். அந்த நாள் கடந்த பிறகே பிளம்பரை அழைத்தோம். பொருட்களுக்கு 4,900 ரூபாவும் கூலிக்கு 6,500 ரூபாவும் சேர்த்து 11,400 ரூபா ஆயிற்று. 65,000 ரூபா வாடகையில் எஞ்சிய 53,600 ரூபாவை வழக்கமான திகதியிலேயே வங்கியில் வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் கழிவின் காரணத்தையும் அவருக்கு அனுப்பினோம். கோபத்தில் முழு வாடகையையும் நிறுத்துபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிலுவை என்ற பெயரில் வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்குக்கு வழி திறந்துவிடுகிறது.

இவ்வளவு நாள் வாய் திறக்காதவர், பணம் குறைந்ததும் உடனே பேசினார். 11,400 ரூபா நிலுவை என்றும், வீட்டை விடும்போது முற்பணத்தில் அதை எடுத்துக்கொள்வேன் என்றும் எழுதினார். இதைத்தான் மற்றவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்: கழித்ததோடு விடயம் முடிந்துவிடாது, முற்பணம் அவர் கையில்தான் இருக்கிறது. அவருடைய கடிதத்துக்கு மறுப்பை எழுத்திலேயே கொடுத்துவிட்டோம். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, உடைத்த சுவரின் படங்கள், பிளம்பர் கழற்றிய வெடித்த குழாய்த்துண்டு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர் முற்பணத்தில் கை வைத்தால், இவற்றோடு மத்தியஸ்த சபைக்குச் செல்வோம்.