ஏட்டிலிருந்து டேலிக்கு: தொடக்க இருப்பை எப்போது, எப்படி ஏற்றுவது?

ஏட்டில் கணக்கு எழுதிவந்த ஒரு கடை ஏப்ரல் 1 முதல் டேலி கணக்கு மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்தால், முதல் வாரத்திலேயே ஒரு முட்டுக்கட்டை வந்து நிற்கும். தொடக்க இருப்புகள் மார்ச் 31 அன்றைய இருப்புநிலைக் குறிப்பிலிருந்து வரவேண்டும். ஆனால் அந்தக் குறிப்பை ஆடிட்டர் முடித்துக் கொடுக்க ஜூலையும் ஆகலாம், செப்டம்பரும் ஆகலாம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் கடைக்கோ ஏப்ரல் விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 மே 11-க்குள்ளும், ஜிஎஸ்டிஆர்-3பி மே 20-க்குள்ளும் போயாக வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்கக் கடைக்காரர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: ஆடிட்டரின் குறிப்பு வரும்வரை காத்திருப்பது, எண்ணிப் பார்க்கக்கூடியவற்றை மட்டும் ஏற்றிவிட்டு ஏப்ரல் வவுச்சர்களைத் தொடங்குவது, அல்லது ஆண்டின் நடுவில், ஜூலை 1 போன்ற ஒரு நாளில் மாறுவது.

ஒரு சிறு நகரத்து மின்சாதனக் கடையை எடுத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம். எண்கள் விளக்கத்திற்காக எழுதப்பட்டவை. 31-3-2025 அன்று அக்கடையில் ரொக்கம் ரூ.38,400, ஏட்டின்படி வங்கி இருப்பு ரூ.1,90,600, வரவேண்டிய கடன் ரூ.3,42,000, எண்ணிக் கணக்கிட்ட சரக்கு ரூ.9,80,000, சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது ரூ.5,10,000.

காத்திருக்கும் வழியின் ஒரே நன்மை, ஏற்றும் எண்கள் ஒவ்வொன்றும் கையொப்பமிட்ட எண்களாக இருப்பதுதான். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். நான்கைந்து மாத வவுச்சர்கள் மொத்தமாகச் சேர்ந்து, பில்லைப் பார்த்தாலும் யாருடையது என்று நினைவு வராத நிலையில், அவசர அவசரமாக ஏற்றப்படும். அதுவரை ஜிஎஸ்டி தாக்கலும் ஏட்டை வைத்தே நடக்கும். டேலியில் தொடக்க இருப்பைப் பின்னர் திருத்தவே முடியாது என்ற எண்ணம்தான் பலரைக் காத்திருக்க வைக்கிறது. அந்த எண்ணம் சரியல்ல. தொடக்க இருப்பு வவுச்சரில் இல்லை, லெட்ஜரிலும் சரக்கு அயிட்டத்திலும் இருக்கிறது. ஏப்ரல் வவுச்சர்கள் நூற்றுக்கணக்கில் ஏறிய பிறகும் லெட்ஜரைத் திறந்து அதை மாற்றலாம்.

ஆண்டின் நடுவில் மாறுவது எளிதாகத் தோன்றினாலும், மூன்றில் அதிகம் சறுக்கும் வழி அதுவே. கம்பெனியை உருவாக்கும்போது `Financial year beginning from` என்பதில் 1-4-2025 என்றும் `Books beginning from` என்பதில் 1-7-2025 என்றும் கொடுத்து, ஜூன் 30 அன்றைய இருப்பாய்வை அப்படியே, விற்பனை, கொள்முதல், வாடகை, கூலி உட்பட, தொடக்க இருப்புகளாக ஏற்றுவார்கள். ஏட்டில் சரியாகச் சமன்பட்ட அந்த இருப்பாய்வு டேலியில் சமன்படாது. காரணம் சரக்கு. ஏட்டு இருப்பாய்வில் நிற்பது ஏப்ரல் 1 அன்றைய சரக்கு. அயிட்டம் அயிட்டமாக ஏற்றுவதோ ஜூன் 30 அன்று எண்ணிய சரக்கு. முன்னது ரூ.9,80,000, பின்னது ரூ.10,40,000 என்றால் ரூ.60,000 வித்தியாசம் திரையில் நிற்கும். எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் போகாது, ஏனெனில் கூட்டலில் தவறே இல்லை. இதற்கு முறையான தீர்வு, மூன்று மாத லாபத்தை ஏட்டிலேயே கணக்கிட்டு, ஜூன் 30-க்கு ஓர் இருப்புநிலைக் குறிப்பு தயாரித்து, அந்த லாபத்தை `Profit & Loss A/c` லெட்ஜரின் தொடக்க இருப்பாகக் கொடுத்துவிட்டு, வருமான, செலவு லெட்ஜர்களைச் சுழியத்தில் தொடங்குவதாகும். அப்படிச் செய்தால் ஆண்டின் வியாபாரக் கணக்கு பாதி ஏட்டிலும் பாதி டேலியிலுமாகப் பிரிந்துவிடும். ஏடு நம்பகமாக இல்லாத கடைக்கு, அல்லது கடை கைமாறும் நேரத்தில், இது பொருந்தலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே எண்ணிப் பார்க்கக்கூடியவற்றை மட்டும் ஏற்றிவிட்டுத் தொடங்கும் இரண்டாவது வழியே என் தேர்வு. மேலே சொன்ன ஐந்து எண்களை ஏற்றியவுடன் பற்றுப் பக்கம் ரூ.15,51,000, வரவுப் பக்கம் ரூ.5,10,000 ஆகும். மீதமுள்ள ரூ.10,41,000-ஐ டேலி, இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் `Difference in opening balances` என்ற தலைப்பில் காட்டும். இந்த வரி பலரைப் பயமுறுத்துகிறது. உடனே சஸ்பென்ஸ் என்றொரு லெட்ஜர் திறந்து அந்தத் தொகையை அதில் போட்டு வரியை மறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. இன்னும் ஏற்றப்படாத மூலதனம், தளவாடம், கடை வாடகை முன்பணம், மார்ச் மாத ஜிஎஸ்டி பாக்கி ஆகியவற்றின் நிகரத் தொகை இவ்வளவு என்று அந்த வரி தானாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை மறைத்தால், பின்னால் ஆடிட்டரின் எண்களோடு ஒப்பிட அளவுகோல் இல்லாமல் போகும்.

இருப்பை லெட்ஜரில் கொடுக்காமல் ஏப்ரல் 1 தேதியிட்டு ஒரு ஜர்னல் வவுச்சரில் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் பழைய பாக்கிகள் எல்லாம் ஏப்ரல் மாத நடவடிக்கைகளாகத் தோன்றும். சரக்கு அளவு அதன் வழியே உள்ளே வரவும் வராது. லெட்ஜரிலேயே கொடுப்பதுதான் சரி.

வரவேண்டிய கடனை எப்படிப் பிரித்து ஏற்றுவது என்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இங்கே இரண்டு போட்டி வழிகள்: ஆளுக்கு ஒரு மொத்தத் தொகை, அல்லது பில் வாரியாக. ஒயரிங் வேலை எடுத்துச் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரர் ரூ.46,500 தரவேண்டும் என்று பேரேடு சொல்கிறது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் பிப்ரவரி 14 பில் ரூ.18,000, மார்ச் 3 பில் ரூ.21,500, மார்ச் 22 பில் ரூ.12,000, நடுவே எந்தப் பில்லுக்கென்று சொல்லாமல் அவர் கொடுத்த ரூ.5,000. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அந்த ஐயாயிரத்தைப் பழைய பில்லில் கழித்து, முதல் பில்லை ரூ.13,000 என்று வைத்துக்கொள்ளலாம். லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பதை `Yes` ஆக்கித் தொடக்க இருப்பைக் கொடுத்ததும் பில் விவரம் கேட்கும் திரை வரும். அதில் மூன்று பில்களையும் அவற்றின் பழைய தேதியோடும் எண்ணோடும் எழுத வேண்டும்.

ஏப்ரல் 9 அன்று அவர் ரூ.20,000 கொடுக்கிறார். `F6` ரசீது வவுச்சரில் `Agst Ref` என்று தேர்ந்தால் மூன்று பில்களும் பட்டியலில் நிற்கும். 13,000 முதல் பில்லுக்கும் 7,000 இரண்டாவதற்கும் போகும். மே மாதம் நிலுவைப் பட்டியலைத் திறந்தால் மார்ச் 3 பில்லில் ரூ.14,500 இன்னும் வரவில்லை என்பதும், அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதும் தெரியும். மொத்தத் தொகையாக ஏற்றியிருந்தால் இவ்விரண்டும் தெரியாது. பிப்ரவரி பாக்கியையும் மார்ச் கடைசிப் பாக்கியையும் பிரித்துப் பார்க்கப் பழைய பேரேட்டைத்தான் மீண்டும் புரட்ட வேண்டும். பிறகு பில் வாரியாக மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவதும் நல்லதல்ல: அதற்குள் ஏறிவிட்ட வவுச்சர்கள் எந்தப் பில்லோடும் சேராமல் நிற்கும், ஒவ்வொன்றையும் திறந்து ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பல்பும் ஒரு ஹோல்டரும் வாங்கி இருநூறு முந்நூறு பாக்கி வைத்திருக்கும் தெருக்காரர்களுக்கு இந்த உழைப்பு தேவையில்லை. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு தொகையே போதும். சரக்கு கொடுத்தவர்களைப் பொறுத்தவரை விதிவிலக்கே வேண்டாம், அனைவருக்கும் பில் வாரிதான்.

முதல் மாத வவுச்சர்களுக்கு வருவோம். கவுண்டர் ரொக்க விற்பனையை நாளுக்கு ஒரு வவுச்சராகச் சுருக்குவதா, பில்லுக்கு ஒன்றாக ஏற்றுவதா என்பது கேள்வி. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளரின் பில் ஒவ்வொன்றும் தனியாகத்தான் ஏறவேண்டும். அதில் தேர்வு இல்லை. மற்ற சில்லறை விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1 மாநிலவாரியாகவும் வரி விகிதவாரியாகவும் திரட்டியே கேட்கிறது, ஆகவே நாள் திரட்டு போதும். சரக்கை அயிட்டம் வாரியாகப் பார்க்க விரும்பும் கடைக்கு அந்த நாள் திரட்டிலும் அயிட்டங்கள் இருந்தாக வேண்டும். முதல் மாதத்தில் ஒரே ஆள் ஏட்டையும் டேலியையும் சேர்த்துப் பார்க்கும் கடையில் நாள் திரட்டையே நான் விரும்புவேன், ஏனெனில் அந்தத் திரட்டை அன்றைய ரொக்க ஏட்டின் கூட்டலோடு ஒரே பார்வையில் ஒப்பிட முடிகிறது.

எந்த வழியில் ஏற்றினாலும் ஏப்ரலில் வரும் பெரிய பிழை ஒன்றே: மார்ச்சின் நடவடிக்கை இரண்டு முறை ஏறிவிடுவது. இந்தக் கடை மார்ச் 28 அன்று ஒரு மொத்த வியாபாரிக்கு ரூ.25,000 காசோலை கொடுத்தது. அது வங்கியில் கழிந்தது ஏப்ரல் 3. மார்ச் 31 பாஸ்புக்கில் ரூ.2,15,600 நிற்க, ஏட்டில் ரூ.1,90,600 நிற்பது அதனால்தான். ஏட்டு எண்ணைத் தொடக்க இருப்பாகக் கொடுத்தவர், பாஸ்புக்கைப் பார்த்து ஏப்ரல் 3-இல் `F5` பேமெண்ட் வவுச்சரும் போட்டுவிட்டால், வங்கி இருப்பு ரூ.25,000 குறைந்துவிடும், அந்த வியாபாரியின் லெட்ஜரில் பாக்கியும் அதே அளவு குறைவாகக் காட்டும். ஏட்டு இருப்பையே கொடுத்து, வங்கி ஒப்புநோக்கில் அந்தக் காசோலையைத் தொடக்க நிலுவையாகக் குறித்து, கழிந்த தேதியை மட்டும் போடுவதே முறை. ஏப்ரல் 20-க்குள் கட்டும் மார்ச் ஜிஎஸ்டியும் இப்படித்தான்: அதைச் செலவில் எழுதாமல், தொடக்க இருப்பில் நிற்கும் ஜிஎஸ்டி பாக்கி லெட்ஜரில் பற்று வைக்க வேண்டும்.

செப்டம்பரில் ஆடிட்டரின் குறிப்பு வருகிறது என்று கொள்வோம். அதில் தளவாடம் ரூ.1,20,000, வாடகை முன்பணம் ரூ.1,00,000, ஜிஎஸ்டி பாக்கி ரூ.14,000, மூலதனம் ரூ.12,20,000. ரொக்கம், வங்கி, கடன்கள் ஆகியவை கடையின் எண்களோடு ஒத்திருக்கின்றன. நான்கையும் ஏற்றியதும் ரூ.10,41,000 சுருங்கி ரூ.27,000 ஆகிறது, ஆனால் மறையவில்லை. ஒத்துவராதது சரக்கு மட்டுமே: கடை ஏற்றியது ரூ.9,80,000, ஆடிட்டர் எடுத்தது ரூ.9,53,000. அயிட்டம் பட்டியலைப் பில்களோடு வைத்துப் பார்த்தால், ரூ.1,50,000 அடக்கமுள்ள ஒயர் சுருள்களுக்கு 18 சதவீத வரியையும் சேர்த்து ரூ.1,77,000 என்று விலை போட்டிருப்பது தெரிகிறது. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை சரக்கை வரி நீக்கிய அடக்க விலையில்தான் மதிப்பிட வேண்டும். அந்த அயிட்டங்களைத் திறந்து தொடக்க விலையைத் திருத்தியதும் `Difference in opening balances` வரி திரையிலிருந்து போய்விடும். ஏப்ரலில் விற்ற ஒயரின் அடக்கம் குறைவதால் அம்மாத லாபம் சற்றுக் கூடும்; விற்பனைத் தொகையும் வரியும் மாறாததால், தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்குகளில் கைவைக்க வேண்டியதில்லை.