பை-ஹோல், ஓர் ஆண்டுக்குப் பிறகு: பதிவில் வராத கருவியைத்தான் தேட வேண்டும்

தளப் பெயருக்கு முகவரி கேட்டு வீட்டுக் கருவிகள் அனுப்பும் டிஎன்எஸ் கேள்விகளை வடிகட்டுவது பை-ஹோல். பலரும் விளம்பரத்தைத் தடுக்கத்தான் அதை நிறுவுகிறார்கள். சில மாதங்கள் ஓடிய பிறகு அடிக்கடி திறந்து பார்ப்பது Query Log பக்கத்தைத்தான். எந்தக் கருவி, எந்தப் பெயரை, எத்தனை மணிக்குக் கேட்டது என்று அது வரிவரியாகக் காட்டும். ஆனால் தன்னிடம் வந்து கேட்டதை மட்டுமே அது எழுதி வைக்கும். வேறு வழியில் போன கேள்வியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதனால் பட்டியலில் இருப்பதைப் படிக்கும் முன், யார் இல்லை என்று பாருங்கள்.

முதல் தவறு ரவுட்டரில் நடக்கிறது. டிஎன்எஸ் முகவரி கொடுக்க அதில் பெரும்பாலும் இரண்டு இடங்கள் உண்டு: இணைய இணைப்புக்கான WAN பக்கம், வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் DHCP பக்கம். WAN பக்கத்தில் பை-ஹோலின் முகவரியைப் போட்டாலும் விளம்பரம் நிற்கும். ஆனால் கருவிகள் ரவுட்டரிடம் கேட்கும், ரவுட்டர்தான் பை-ஹோலிடம் கேட்கும். பதிவில் எல்லாக் கேள்வியும் ஒரே முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கருவி 60 விநாடிக்குள் 1000 கேள்விக்கு மேல் கேட்டால், பை-ஹோல் அதற்குச் சற்று நேரம் REFUSED என்றே பதில் சொல்லும். வீடு முழுவதும் ஒரே கருவியாகத் தெரிந்தால் அந்த வரம்பும் வீட்டுக்கே ஒன்றுதான். மின்சாரம் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழித்துக் கேட்கும்போது, அத்தனை பேருக்கும் இணையம் போய்விட்டதுபோல் தோன்றும். வரம்பை உயர்த்துவது இதற்கு மருந்தல்ல. முகவரியை DHCP பக்கத்துக்கு மாற்றுங்கள். பை-ஹோலுக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

அங்கே இரண்டாவது டிஎன்எஸ் கட்டம் காலியாக இருக்கட்டும். 'பாதுகாப்புக்கு' என்று கூகுளின் 8.8.8.8 போடுபவர்கள், முதலாவது படுத்தால்தான் இரண்டாவது எழும் என்று நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டில் எதைக் கேட்பது என்பது கருவியின் விருப்பம். ஒரே பக்கத்தில் விளம்பரம் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கருவி நழுவினால், அந்தக் கணினியிலேயே இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

```
nslookup doubleclick.net 192.168.1.10
nslookup doubleclick.net
```

முதல் வரியில் உங்கள் பை-ஹோலின் முகவரியைப் போடுங்கள், 0.0.0.0 என்று பதில் வந்தால் தடுப்பு வேலை செய்கிறது. இரண்டாவதில் Server என்ற வரியைக் கவனியுங்கள். அங்கே fe80 என்று தொடங்கும் முகவரி இருந்தால், பெரும்பாலும் ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் ஐபிவி6 பகுதியில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள், அல்லது பை-ஹோலின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள். இணைய நிறுவனம் தரும் முன்னொட்டு மாறக்கூடியது என்பதால், fd என்று தொடங்கும் உள்முகவரியே நிலைக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் Private DNS-இல் ஏதாவது ஒரு சேவையின் பெயரை எழுதியிருந்தால் அதன் கேள்விகளும் பதிவுக்கு வராது. ஃபயர்பாக்ஸ் தானாக மறையாக்கிய டிஎன்எஸுக்கு மாறுவதை பை-ஹோல் இயல்பாகவே தடுத்துவிடும். பயனரே கையால் அதை இயக்கியிருந்தால் இந்தத் தடுப்பு செல்லாது.

எல்லாக் கருவிகளும் வந்து சேர்ந்த பிறகு, எண்களைப் படிப்பதில் ஒரு நிதானம் வேண்டும். ஒரு டிவி பட்டியலின் உச்சியில் 34,000 கேள்வியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயந்துவிட வேண்டாம். தடுத்த பதிலின் ஆயுள் 2 விநாடிதான். அதற்குப் பின் கருவி மீண்டும் கேட்கலாம். 5 விநாடிக்கு ஒருமுறை ஒரே பெயரை, ஐபிவி4-க்கு ஒன்றும் ஐபிவி6-க்கு ஒன்றுமாகக் கேட்டால் நிமிடத்துக்கு 24, நாளுக்கு 34,560. அத்தனையும் ஒரே கதவைத் தட்டியதுதான். தடுப்புச் சதவீதம் திடீரென ஏறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அதனால் முகப்பில் தெரியும் சதவீதத்தை வைத்துத் தடுப்புப் பட்டியலின் தரத்தை எடைபோடக் கூடாது.

அந்த டிவியில் ஒரு செயலி திறக்கவில்லை என்றால், Query Log-இல் அதன் முகவரியை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு செயலியைத் திறங்கள். அந்த நொடியில் தடுக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக அனுமதித்துப் பாருங்கள். மொத்தமாக அனுமதித்தால் எது தேவைப்பட்டது என்பது கடைசிவரை தெரியாது. யூடியூப் விளம்பரத்துக்கு இந்த வழி உதவாது. காணொளி வரும் அதே பெயர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. பெயரை மட்டும் பார்க்கும் பை-ஹோலுக்கு இரண்டும் ஒன்றே.

பதிவு தெரிவிப்பதும் பெயரோடு நின்றுவிடும். எந்தப் பக்கத்தைப் படித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது அதில் இல்லை. ஆனாலும் யார் எத்தனை மணிவரை விழித்திருந்தார்கள் என்பதை அந்த வரிகளிலேயே படித்துவிடலாம். 6-ஆம் பதிப்பு இயல்பாக 91 நாள் பதிவை வைத்திருக்கும். பழுது பார்க்க ஒரு வாரமே போதும். வீட்டில் மற்றவர்களும் இருந்தால் அதைக் குறைத்து, இப்படி ஒரு பதிவு ஓடுகிறது என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.