அசல் கோப்பு இல்லாத படம்: வெள்ளை விளிம்பும் மெழுகு முகமும்

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு மாட்ட 12×18 அங்குலப் படம் வேண்டும் என்று ஒருவர் வந்தார். கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரே பிரதி. நீளவாக்கில் 1600 பிக்சல். எடுத்த ஸ்டுடியோவில் மெமரி கார்டை எப்போதோ அழித்துவிட்டார்கள். எழுபது வயதுக்காரரின் கன்னம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. தலைமுடியைச் சுற்றிச் சுவரில் பதினைந்து பிக்சல் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு.

இந்த இரண்டும் ஒரே மாதிரிக் கோளாறு அல்ல. விளிம்பில், இருக்கவேண்டியதற்கு மேல் வெளிச்சம் ஏறியிருக்கிறது. தோலில், இருந்த நுணுக்கமே அழிந்திருக்கிறது. முன்னதைக் குறைக்கலாம். பின்னதைப் புதிதாகப் பதியம் போடத்தான் முடியும்.

விளிம்புக்குப் பலரும் ஃபோட்டோஷாப்பில் முதலில் செய்வது, ஓரங்களின் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டும் Clarity ஸ்லைடரை மைனஸுக்கு இழுப்பது. அந்த ஸ்லைடரைக் கூட்டியதால்தானே வந்தது, குறைத்தால் போய்விடும் என்று நினைப்பார்கள். போகாது. கூட்டும்போது முழு வெள்ளைக்குப் போய் முட்டிய பிக்சல்களின் பழைய மதிப்பு கோப்பில் இல்லை. விளிம்பு கொஞ்சம் மங்கும். கூடவே கண்ணும் மீசையும் மங்கிவிடும். இரண்டாவது வழி Burn கருவி. விளிம்பில் சுவரின் நிறம் மிச்சம் இருந்தால் ஓரளவு வேலை செய்யும். வெளுத்துப்போன இடத்தில் கருக்க நிறமே இல்லாததால் சாம்பல் அழுக்குதான் படியும். இந்தப் படத்தில் இளம்பச்சைச் சுவரில் அப்படித்தான் படிந்தது.

நான் நம்புவது மூன்றாவதை: மேலே ஒரு வெற்று லேயர், அந்த லேயரின் மோட் Darken, Clone Stamp, ஒபாசிட்டி 30%, Sample என்ற இடத்தில் Current & Below. விளிம்புக்கு அப்பால் உள்ள நல்ல சுவரில் மாதிரி எடுத்து, விளிம்பின் மேல் மெல்ல ஓட்டவேண்டும். Darken என்பதால் மாதிரியைவிட வெளிச்சமான பிக்சல் மட்டும் மாறும். முடி அதைவிடக் கருப்பு என்பதால் இழைகூடத் தொடப்படாது. தனியாகத் தேர்வு வெட்டவேண்டிய வேலையே இல்லை. நரைமுடியில் இந்த வசதி கிடையாது. அங்கே சுவரைவிட வெளுத்த இழைகளும் கருத்துவிடும் என்பதால் லேயர் மாஸ்க்கில் அவற்றை மீட்கவேண்டும். சுவரில் வெளிச்சம் ஒரு பக்கம் மங்கிக்கொண்டே போனால், மாதிரியைத் தலையின் ஓரத்தோடு கூடவே நகர்த்தி எடுக்கவேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் திட்டு தெரியும்.

தோலுக்கு வருவோம். Texture ஸ்லைடரைக் கூட்டுவதை ஒதுக்கிவிடலாம். துளைகளே இல்லாத தோலில் அது கூட்டுவதற்கு இருப்பது ஜேபெக்கின் 8×8 கட்டங்கள்தான்.

மீதி இரண்டு வழிகள். ஒன்று, 50% சாம்பல் லேயரை Overlay-யில் வைத்து, ஒற்றை நிற நாய்ஸ் சேர்த்து, கொஞ்சம் Gaussian Blur கொடுப்பது. பத்து நிமிட வேலை. ஆனால் எந்த அளவில் சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1600 பிக்சலை 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் வரும். அந்தக் கோப்பிலேயே நாய்ஸ் போட்டால் அச்சில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். அதனால் முதலில் படத்தை 3600 பிக்சலுக்குப் பெரிதாக்கினேன், அதாவது அங்குலத்துக்கு 200. அதன் பிறகே நாய்ஸ் 4%, பிளர் 0.7 பிக்சல். அப்போதும் ஒரு குறை உண்டு. நிஜத் தோலில் மூக்கிலும் கன்னத்திலும் துளை பெரிது, இமையில் நுண்ணியது. நாய்ஸ் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். மாஸ்க்கில் இமையையும் உதட்டையும் குறைத்தாகவேண்டும்.

மற்றது, அதே மனிதரின் வேறு படத்திலிருந்து தோலைக் கடன் வாங்குவது. மகனிடம் ஒரு கல்யாண வீட்டுப் படம் இருந்தது. கன்னத்தையும் நெற்றியையும் வெட்டி, முக அளவுக்குப் பொருத்தி, நிறத்தை நீக்கி, High Pass 4 பிக்சல், பிறகு Linear Light மோடில் 40% ஒபாசிட்டி. துளை, கோடு, தழும்பு எல்லாம் அவருடையதாகவே வந்து உட்காரும். ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும்: இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் குழி மேடாகத் தெரியும். அந்தப் படத்தில் வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்ததால் துண்டை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். திருப்பியதில் இடது கன்னத்து மச்சம் வலது பக்கம் போய்விட்டது. அதை அழித்து இடம் மாற்றினேன்.

மாதிரிப் படம் இருந்தால் கடன் வாங்குவதே மேல் என்பது என் முடிவு. அது கிடைக்காத இடங்களுக்கு, இங்கே கழுத்துக்கும் காதோரத்துக்கும், நாய்ஸ் போதும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பு மட்டும் இரண்டிலும் வராது, ஏனென்றால் அது துளை அல்ல, நிழல். தனி லேயரில், Flow 4% வைத்த பெரிய மெல்லிய பிரஷ்ஷால், கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரைந்தேன்.

திரையை 50% அளவில் வைத்துப் பார்த்தபின், முகத்தை மட்டும் அதே அச்சு அளவில் ஒரு துண்டுத் தாளில் எடுத்துக் கையெட்டும் தூரத்தில் பிடித்தேன். கன்னமும் கழுத்தும் ஒரே ஆளுடையதாகத் தெரிந்தன. நெற்றியில் மட்டும் கடன் வாங்கிய தோல் தனித்துத் தெரிந்தது. அந்த இடத்தில் 40-ஐ 25 ஆக்கி மறுபடி ஒரு துண்டு எடுத்தேன்.