அக்டோபரில் மேனேஜர் பதவியா, ஏப்ரல் ஹைக்கா?

சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் சீனியர் இன்ஜினியர் ஒருவர், சிடிசி 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் வேரியபிள். சிடிசிக்கு வெளியே ஆன்கால் பார்ப்பதற்கு மாதம் 8,000 ரூபாய். பிஎஃப், வரி பிடிப்பதற்கு முன் மாதம் உறுதியாக வருவது 1,43,000.

அக்டோபரில் அவரை மேனேஜர் ஆக்குகிறார்கள். 12 சதவீத ஹைக், சிடிசி 20.16 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேனேஜர் கிரேடில் வேரியபிள் 20 சதவீதம், ஆன்கால் படியும் கிடையாது. கணக்குப் போட்டால் மாதம் உறுதியாக வருவது 1,34,400. பதவி உயர்ந்து, மாதச் சம்பளம் 8,600 குறைந்திருக்கிறது! மீதி எல்லாம் வேரியபிளை நம்பி. அதுவும் இனி அவர் எழுதும் புரோகிராமை மட்டும் பொறுத்ததல்ல. டீமும் கம்பெனியும் எப்படிச் செய்கின்றன என்பதைப் பொறுத்தது.

சரி, வேண்டாம் என்று பழைய வேலையிலேயே இருந்தால்? ஏப்ரலில் வழக்கமான 8 சதவீதம் வரும், ஆன்கால் பணமும் தொடரும். வேரியபிளில் 70 சதவீதம்தான் கொடுத்தார்கள் என்றால் அந்த ஏப்ரலிலிருந்து ஓராண்டில் கைக்கு வருவது சுமார் 19.8 லட்சம். அதே 70 சதவீதத்தில் மேனேஜருக்கு 18.95 லட்சம்தான். காரணம், பல இடங்களில் அக்டோபரில் பதவி உயர்வு வாங்கியவருக்கு ஏப்ரல் ஹைக் கிடையாது, அல்லது பாதிதான். "இப்போதுதானே கொடுத்தோம்" என்பார் ஹெச்ஆர்.

ஆனாலும் பழைய கிரேடிலேயே தங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கிரேடுக்கும் சம்பள உச்சவரம்பு இருக்கும். அதை நெருங்க நெருங்க ஹைக் சுருங்கும். புது கிரேடின் அடிமட்டத்தில் இருப்பவருக்கு மேலே போக இடம் அதிகம். எனவே, உங்கள் கிரேடின் சம்பள வரம்பில் எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாதிக்குக் கீழே என்றால் நான் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்வேன்.

உச்சத்தை நெருங்கிவிட்டீர்கள் என்றால் பதவியை வாங்குங்கள், ஆனால் பேசி வாங்குங்கள். ஹைக்கை 12-இலிருந்து 14 ஆக்கச் சொல்லிப் போராடுவதைவிட, "ஏப்ரல் சுழற்சியில் முழு ஹைக் உண்டு" என்ற ஒற்றை வரியைக் கடிதத்தில் கேட்பது மேல். அந்த 8 சதவீதம் வந்தாலே கணக்கு சுமார் 20.5 லட்சமாகி, காத்திருப்பவரை முந்திவிடும். அடுத்து, முதல் ஆண்டுக்கு மட்டும் வேரியபிளை 10 சதவீதத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். சிடிசி ஏறாது என்பதால் இதற்குத் தலையாட்ட வாய்ப்பு அதிகம்.

பணம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. டீமில் காலியாக உள்ள இடங்களை நிரப்ப அனுமதி உண்டா? இரண்டு பேர் குறைவான டீமை ஏற்றால் பகலில் மீட்டிங், இரவில் அவர்கள் வேலையை நீங்களே செய்வது என்று ஓடும். அந்த டீமின் வேரியபிளும் அடிபடும். கையெழுத்துப் போடும் முன் கேட்டால் ஆள் கிடைக்கலாம். அப்புறம் கேட்டால், அது உங்கள் டீமின் பிரச்சினை.