அப்ரிகொட் பருப்பா, கசப்புப் பாதாமா: எதில் ஆபத்து கூட?

வன்னியில் அப்ரிகொட் மரமும் இல்லை, பாதாம் மரமும் இல்லை. வளவுகளில் நிற்கும் நாட்டு வாதுமை வேறு குடும்பம், அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. இருந்தாலும் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், வெளிநாட்டுச் சொந்தம் யாராவது அனுப்பும் பார்சலில் ஒரு பொட்டலம் கசப்புப் பருப்பு வந்து சேர வாய்ப்பிருக்கிறது. அதில் ‘விற்றமின் பி17’ என்று எழுதியிருக்கலாம். அது விற்றமினே இல்லை. அமிக்டலின் என்ற வேதிப்பொருளுக்கு விற்பனைக்காக வைத்த பெயர். அப்ரிகொட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலும் கசப்புப் பாதாமிலும் அது நிறைய உண்டு.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். முழுப்பருப்பில் அமிக்டலின் ஒரு பக்கமும், அதை உடைக்கும் நொதியம் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். கடித்தாலோ அரைத்தாலோ இரண்டும் கலந்து ஐதரசன் சயனைட் வெளியேறும். உடம்பில் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கலங்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் சயனைட் தடுத்துவிடும். சயனைட் என்றால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அது குப்பியில் மட்டுமல்ல, சாப்பாட்டுப் பொருளிலும் இருக்கும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

முதலில் கசப்புப் பாதாம். ஒரு பருப்பு ஏறக்குறைய ஒரு கிராம். அதிலிருந்து வரக்கூடிய சயனைட் இனத்தைப் பொறுத்து ஒரு மில்லிகிராமாகவும் இருக்கும், ஆறு மில்லிகிராமாகவும் இருக்கும். கடையில் வாங்கும் இனிப்புப் பாதாமில் இது மிகமிகக் குறைவு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பொட்டலத்திலும் எப்போதாவது ஒன்று கடுங்கசப்பாக அகப்படும். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தால் போதும். கசப்புப் பாதாமில் எனக்குப் பிடித்த குணம் இதுதான்: அதன் சுவையே ஆளைத் தடுத்துவிடும். பிள்ளைகூட இரண்டாவதைக் கேட்காது.

அப்ரிகொட் பருப்பு சிறியது, தட்டையானது, பெரும்பாலும் அரைக் கிராம் அளவுதான். எனவே ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் பாதாமைவிடச் சாது போலத் தெரியும். ஆனால் கசப்பு இனங்களில் கிராமுக்கு ஏறக்குறைய நாலு மில்லிகிராம் வரை சயனைட் அளக்கப்பட்டிருக்கிறது. இனிப்பு அப்ரிகொட் பருப்பும் உலகில் உண்டு, தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

எவ்வளவு சாப்பிட்டால் கூட? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் ஒரு வரம்பு சொன்னது: உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.02 மில்லிகிராம். நோயால் மெலிந்து 50 கிலோ எடையில் இருக்கும் ஒரு மாமியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வரம்பு ஒரு மில்லிகிராம். கிராமுக்கு 3 மில்லிகிராம் உள்ள பருப்பு என்றால், அரைக்கிராமில் ஒன்றரை மில்லிகிராம். ஆக முதல் பருப்பிலேயே வரம்பு தாண்டிவிட்டது. இதையே பன்னிரண்டு கிலோப் பேரப்பிள்ளை எடுத்து மென்றால், அதன் வரம்பு கால் மில்லிகிராம்கூட இல்லை.

வரம்பைத் தாண்டினால் உடனே சாவு என்று அர்த்தமில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து மூன்றரை மில்லிகிராம் வரை என்று கணக்கிடுகிறார்கள். மாமிக்கு அது 25இலிருந்து 175 மில்லிகிராம். வீரியமான கசப்புப் பாதாம் என்றால் நாலைந்திலேயே அந்தக் கீழ் எல்லை வந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றே போதும். அப்ரிகொட் பருப்பில் மாமிக்கு ஏறக்குறைய பதினேழு வேண்டும், பிள்ளைக்கு நாலு.

கணக்கில் பாதாம்தான் மோசம். நடைமுறையில் அப்படியில்லை என்பது என் தீர்ப்பு. பாதாமை யாரும் எண்ணி எண்ணி மருந்தாக விழுங்கச் சொல்வதில்லை. அப்ரிகொட் பருப்பை விற்பவர்களில் சிலர் சுகதேகிக்கு நாளுக்குப் பத்து, புற்றுநோயாளிக்கு அறுபது என்று சிபாரிசு செய்வதாக அதே ஆணையம் பதிவு செய்திருக்கிறது. மேற்சொன்ன கணக்கில் அறுபது பருப்பு என்றால் 90 மில்லிகிராம். ஒரே தடவையில் அரைத்துக் குடித்தால் மாமி உயிராபத்து எல்லைக்குள் நன்றாகவே நுழைந்துவிடுவார். நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டால் உடம்பு கந்தகத்தைக் கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக அதை முறித்து வெளியேற்றும். ஆனால் சரியாகச் சாப்பிட முடியாத, புரதம் குறைந்த நோயாளிக்கு அந்தக் கந்தகமே பற்றாக்குறை. இதோடு விற்றமின் சி குளிசைகளையும் அள்ளிப் போடச் சொல்வார்கள். அது நஞ்சை இன்னும் கூட்டக்கூடியது.

இவ்வளவுக்கும் பலன்? அமிக்டலினைக் கொடுத்து 178 புற்றுநோயாளிகளில் செய்த அமெரிக்கப் பரிசோதனை 1982இல் வெளியானது. கட்டி கரையவில்லை, ஆயுளும் கூடவில்லை. சிலருக்கு இரத்தத்தில் சயனைட் ஆபத்தான அளவை நெருங்கியது.

‘அவிச்சுச் சாப்பிட்டால் நஞ்சு போயிடுந்தானே அக்கா, மரவள்ளி மாதிரி?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மரவள்ளியிலும் இதே வகை நஞ்சுதான், அதனால்தான் தோல் சீவி, வெட்டி, மூடாமல் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். வெட்டும்போது நொதியம் வேலை செய்து சயனைட் வெளிவருகிறது. அது 26 பாகையிலேயே ஆவியாகும் பொருள் என்பதால் திறந்த பானையிலிருந்து பறந்துவிடும், மிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். முழுப்பருப்பை அப்படியே கொதிநீரில் போட்டால் நடப்பது வேறு. சூடு முதலில் நொதியத்தைக் கொன்றுவிடும், அமிக்டலினில் பெரும்பகுதி பருப்புக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு குடலில் உள்ள பக்ரீரியாக்கள் அதை உடைத்துச் சயனைட்டை வெளியே விடும். மேலோட்டமாக வறுத்தாலும் இதே நிலைதான். அரைத்து ஊறவைத்து ஆவியாக விடுவது தொழிற்சாலை அளவிட்டுச் செய்யும் வேலை, குசினியில் நம்பி இறங்கக்கூடியதல்ல.

கவனிக்க வேண்டிய குறிகள் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரண்டு மணிநேரத்துக்குள் தெரியலாம்: தலையிடி, தலைச்சுற்று, சத்தி, மூச்சு வேகமாக வாங்குதல், தடுமாற்றம். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ நிலைமை மிக மோசம். வாயில் பாதாம் வாசம் இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம், அந்த வாசத்தை உணரவே முடியாதவர்கள் பலர். புற்றுநோயாளிக்கு இந்தக் குறிகளை ‘வருத்தத்தின் களைப்பு’ என்று விட்டுவிடுவது எளிது, அதனால் பருப்பு சாப்பிடுவதை டொக்டரிடம் மறைக்கக் கூடாது.

குறிகள் தெரிந்தால் 1990க்கு அடியுங்கள். சத்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். ஐதரொக்சொகோபாலமின், சோடியம் தயோசல்பேற்று போன்ற முறிமருந்துகள் உண்டு, ஆனால் காரணம் சயனைட் என்று வைத்தியர் ஊகித்தால்தான் அவற்றைத் தேடுவார். எனவே பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய், எத்தனை பருப்பு, எத்தனை மணிக்கு, மென்றதா அரைத்ததா என்பதை முதலில் சொல்லுங்கள்.