வேறு கம்பெனி யூனிட்டை மெஷ்ஷோடு சேர்த்தால் எது வேலை செய்யும்?

வீட்டில் இருக்கும் மெஷ்ஷுக்கு, அதாவது பல யூனிட்டுகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் அமைப்புக்கு, இன்னொரு யூனிட் வேண்டும், வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நான் அப்படிக் கலந்துதான் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறேன். கீழே ஒரு கம்பெனியின் மெஷ், மாடியில் இன்னொரு கம்பெனியின் ரவுட்டர்.

இரண்டுக்கும் நடுவே லான் கேபிள் போகிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். யூனிட்டுகள் காற்றில் பேசிக்கொள்ளும் முறை பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி தனி. இதைப் பொதுவாக்கத்தான் 2018-ல் ஈஸிமெஷ் தரம் வந்தது. ஆனால் அட்டைப்பெட்டியில் அந்தப் பெயர் இருப்பதை மட்டும் நம்பி வேறு கம்பெனியோடு சேர்க்க நான் காசு போடமாட்டேன்.

மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன். ஐபி முகவரி கொடுக்கும் வேலை கீழே மட்டும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றே.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். வீடியோ காலில் பேசிக்கொண்டே படியேறினால் படம் ஒரு கணம் நின்று தொடர்கிறது, கால் அறுவதில்லை. எந்த யூனிட்டுக்குத் தாவுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். ஐபோன், சிக்னல் -70 dBm-க்குக் கீழே போனால் வேறு யூனிட் தேடத் தொடங்கும். கீழ் யூனிட்டின் சிக்னல் மாடியிலும் பலமாக இருந்தால் தேடவே தேடாது. என் போன் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தபோது கீழே டிரான்ஸ்மிட் பவரை ஒரு படி குறைத்தேன், சரியாகிவிட்டது. 802.11r வேகத் தாவல் மட்டும் கிடைக்காது. அதற்கு யூனிட்டுகள் தங்களுக்குள் சாவிகளைப் பகிர வேண்டும், இவை பகிர்வதில்லை. வீட்டுப் பாஸ்வேர்டு வைஃபைக்கு அது இல்லாதது பெரிய குறையில்லை.

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது கெஸ்ட் வைஃபை. மாடியில் கெஸ்ட்டில் சேர்ந்த போனில் 192.168.1.1 என்று அடித்தேன். கீழ் ரவுட்டரின் லாகின் பக்கம் திறந்துவிட்டது! கெஸ்ட் போக்குவரத்தை மெஷ் தனக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைக்கிறது. மாடி யூனிட்டுக்கு அந்தப் பிரிவு தெரியாது, கெஸ்ட்டையும் கேபிள் வழியே நேராக வீட்டு நெட்வொர்க்கில் கொட்டுகிறது. ஒரே கேபிளில் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறைக்கு விலான் என்று பெயர். இரண்டு பக்கமும் கெஸ்ட்டுக்கு ஒரே விலான் எண், உதாரணமாக 20, கொடுக்க முடிந்தால் கம்பெனி வேறானாலும் பிரிவு நிற்கும். என் மெஷ் ஆப்பில் அந்த இடமே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் பொருளில் இதை மறைத்து வைப்பது சரியில்லை. மாடியில் கெஸ்ட்டை அணைத்துவிட்டேன். விருந்தாளிகளுக்குக் கீழிருந்து வரும் மெல்லிய சிக்னல்தான்.

தாவல் இவ்வளவு நன்றாக இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம், அதே கம்பெனியிலேயே வாங்குங்கள். மாடியில் அவர் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறார்.